மொழிபெயர்ப்பின் ஓசை – 9: ஆணுக்கு ‘உ’, பெண்ணுக்கு ‘வ்’

உக்ரைனிய மொழியில் இடப்பொருள் தரும் முன்னிடைச்சொல்லுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: ‘உ’, ‘வ்’. பொருளில் இரண்டும் ஒன்றே. நம் ‘இல்’ உருபின் வேலையைத்தான் செய்கின்றன. முன்சொல் எந்த ஒலியில் முடிகிறது, பின்சொல் எந்த ஒலியில் தொடங்குகிறது என்று பார்த்தே இரண்டில் ஒன்று வந்து உட்காரும். ‘உம்’ என்ற இணைப்புப் பொருளுக்கு ‘இ’, ‘ய்’ என இரண்டு. ‘உடன்’, ‘இருந்து’ என்ற பொருள்களுக்கு ‘ஸ்’, ‘இஸ்’, ‘ஸி’ என மூன்று. (இங்கே ‘ஸ்’ என்று எழுதப்படுவது இசட் ஒலி, தமிழில் அதற்கு எழுத்து இல்லை.) இந்த ஏற்பாடு முழுவதையும் உக்ரைனியர் ‘மிலோஸ்வூச்னிஸ்த்’ என்பார்கள், அதாவது இன்னோசை.

பழைய ஸ்லாவியத்தில் இந்த ‘வ்’-உடன் ஒரு குற்றுயிர் ஒட்டியிருந்தது, பின்னர் அது உதிர்ந்துவிட்டது.

அந்தக் குற்றுயிர் போனதும் ‘வ்’ தனியாக, மெய்களின் நெரிசலில் மாட்டிக்கொண்டது. உக்ரைனிய ‘வ்’ பல்லும் உதடும் உரசிப் பிறக்கும் ஒலி அல்ல. மெய்க்கு முன்னும் சொல்லின் கடைசியிலும் இரண்டு உதடுகளும் குவிந்து, பாதி உகரமாகவே ஒலிக்கும். பக்கத்து நாட்டுப் பெலருசிய மொழி இந்தப் பாதி உகரத்துக்குத் தனி எழுத்தே வைத்திருக்கிறது. முன்னால் உயிர் இருந்தால் அதன்மேல் சாய்ந்து அது ‘வ்’ ஆகவே நிற்கும். முன்னால் மெய் இருந்தால் முழு ‘உ’ ஆகிவிடும். தமிழில் ‘ஒரு ஊர்’ என்று எழுதாமல் ‘ஓர் ஊர்’ என்று எழுதச் சொல்வது போன்ற விதிதான். ஆனால் தமிழில் பின்சொல்லை மட்டும் பார்த்தால் போதும். உக்ரைனியத்தில் இரு பக்கமும் பார்க்க வேண்டும்.

2019 மே 22 அன்று உக்ரைன் அமைச்சரவை ஏற்ற எழுத்திலக்கணம் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. இரு மெய்களுக்கு நடுவே ‘உ’. இரு உயிர்களுக்கு நடுவே ‘வ்’. உயிருக்குப் பின், மெய்க்கு முன் பெரும்பாலும் ‘வ்’. வாக்கியத் தொடக்கத்தில் மெய்க்கு முன் ‘உ’, உயிருக்கு முன் ‘வ்’. பின்சொல் ‘வ்’ அல்லது ‘ஃப்’ ஒலியில் தொடங்கினாலோ, ல்வ், ஸ்வ், த்வ், ஹ்வ் போன்ற கூட்டில் தொடங்கினாலோ, முன்னால் எது இருந்தாலும் ‘உ’. ல்விவ் நகரம் எப்போதும் ‘உ ல்வோவி’ என்றே வருவதும், ஃபேஸ்புக் எப்போதும் ‘உ’-வைப் பெறுவதும் இதனால்தான். இன்னொன்றும் உண்டு. நிறுத்தம் வந்தால் முன்சொல் கணக்கில் வராது. மொழிபெயர்ப்பாளர் ஒரு காற்புள்ளியைச் சேர்த்தாலோ எடுத்தாலோ, அதையடுத்த முன்னிடைச்சொல்லை மறுபடி பார்க்க வேண்டும்.

இந்த விதிகளிலிருந்து எதிர்பாராத ஒரு விளைவு பிறக்கிறது. இந்த வாரப் பகுதியின் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும் தகுதி அதற்கு உண்டு. உக்ரைனிய இறந்தகால வினை பால் காட்டும். ‘இருந்தான்’ என்பது ‘புவ்’, ‘இருந்தாள்’ என்பது ‘புலா’. ஆண்பால் வடிவம் மெய்யில் முடிகிறது, பெண்பால் உயிரில் முடிகிறது. ஆகவே ‘ஸ்தெபான் கீவில் இருந்தான்’ என்பது ‘ஸ்தெபான் புவ் உ கியெவி’. ‘ஒலேனா கீவில் இருந்தாள்’ என்பது ‘ஒலேனா புலா வ் கியெவி’. நகரம் மாறவில்லை, வினையின் பொருளும் மாறவில்லை. ஆள் ஆணா பெண்ணா என்பது முன்னிடைச்சொல்லையே மாற்றிவிடுகிறது. ‘வாழ்ந்தான்’, ‘வாழ்ந்தாள்’ என்பதிலும் அப்படியே: ‘ஜிவ் உ கியெவி’, ‘ஜிலா வ் கியெவி’. ஒருமை, பன்மையும் இதே விளையாட்டை ஆடும். கீவிலிருந்து வந்த ஒரு கடிதம் ‘லிஸ்த் இஸ் கியெவா’. பல கடிதங்கள் என்றால் ‘லிஸ்தி ஸ் கியெவா’. ‘லிஸ்த்’ இரு மெய்களில் முடிவதால் அடுத்த மெய்யைத் தாங்க ஓர் இகரம் தேவைப்படுகிறது. பன்மையில் கடைசி உயிரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

நாவலை மொழிபெயர்ப்பவர் கதாநாயகன் பெயரை எடுத்துவிட்டுக் கதாநாயகியின் பெயரைப் போட்டால், வினையைத் திருத்துவதோடு வேலை முடியாது. கணினித் திரையிலும் இதே சிக்கல்தான். பயனர் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது ‘இருந்தான்(ள்)’ என்பதுபோல ‘புவ்(லா)’ என்று அடைப்புக்குறி போட்டு எழுதுவார்கள். ஆணாக வாசித்தால் அடுத்து ‘உ’ வரவேண்டும், பெண்ணாக வாசித்தால் ‘வ்’. எதைப் போட்டாலும் ஒரு சாராருக்குத் தட்டும்.

‘உ’, ‘வ்’ குழப்பத்தை வைத்தே ஒரு பிரதி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். ரஷ்ய மொழியிலும் இந்த இரு சொற்கள் உண்டு, ஆனால் அங்கே பொருள் வேறு: ‘வ்’ என்றால் உள்ளே, ‘உ’ என்றால் ஒருவரிடம். உக்ரைனியத்தில் இரண்டும் கலந்துபோய், ‘என்னிடம்’ என்பதைக்கூட ‘உ மேனே’ என்றும் ‘வ் மேனே’ என்றும் சொல்லலாம். ரஷ்யனிலிருந்து அவசரமாகப் பெயர்த்தவர் மூலத்தில் ‘வ்’ இருந்த இடத்திலெல்லாம் ‘வ்’ வைத்துவிட்டுப் போவார். பக்கம் முழுக்க இடப்பொருளுக்கு ‘வ்’, உடைமைக்கு ‘உ’ என்று ஒழுங்காகப் பிரிந்து கிடந்தால், மூலம் ரஷ்யன் என்ற ஐயம் வலுவாக எழும்.

இடையில் ஒரு கிளைக்கதை. 1934இல் பாரிசில் மொழிகளுக்கான அழகுப் போட்டி நடந்தது, அதில் உக்ரைனியம் மூன்றாம் இடம் பெற்றது என்ற செய்தி உக்ரைனில் பள்ளிக் கட்டுரை முதல் மேடைப்பேச்சு வரை உலவுகிறது. அப்படியொரு போட்டி நடந்ததற்கு ஆவணம் எதையும் யாரும் காட்டியதில்லை. அதே மொழிக்காரர் எழுதிய வாக்கியத்தில் மெய்கள் முட்டி நிற்பதும் உண்டு. இன்னோசை மொழிக்குக் கிடைத்த பரிசு அல்ல. ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுதுபவர் செய்யவேண்டிய வேலை.

‘இ’, ‘ய்’ இணைக்குச் சில வரிகள் போதும். உயிருக்குப் பின் ‘ய்’: ‘ஒலேனா ய் தராஸ்’. மெய்க்குப் பின் ‘இ’: ‘தராஸ் இ ஒலேனா’. பெயர்களின் வரிசையை மாற்றினாலே இணைப்புச்சொல் மாறிவிடுகிறது. பின்சொல் யகரத்தில் தொடங்கினால் மட்டும் உயிருக்குப் பின்னும் ‘இ’: ‘ஒலேனா இ யூரிய்’. ‘பெற்றோரும் பிள்ளைகளும்’ போல இரண்டை எதிரெதிரே நிறுத்தும்போதும் ‘இ’ மாறாது. இந்தக் கணக்கைத் தவிர்க்க விரும்புபவர்கள் ‘தா’ என்ற இன்னோர் இணைப்புச்சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். மெய்யில் தொடங்கி உயிரில் முடியும் அது எந்த இடத்திலும் முட்டாது. ஆனால் வரிக்கு வரி ‘தா’ வந்தால் அரசுக் கடித வாடை அடிக்கும்.

‘ஸ்’ குடும்பத்தில் உயிருக்கு முன் எப்போதும் ‘ஸ்’. மெய்கள் நெருக்கும் இடத்தில் ‘இஸ்’. பின்சொல்லே ஸகர, ஷகர மெய்க்கூட்டில் தொடங்கினால் ‘ஸி’. ‘ல்விவிலிருந்து’ என்பதும் ‘ஸி ல்வோவா’ தான்.

இப்போது ஒரு வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்கலாம்: ‘ஆசிரியர் ல்விவில் வசிக்கிறார், ஒதேசாவில் ஸ்தெபானுடன் வேலை செய்கிறார்.’ சொல்லுக்குச் சொல் வைத்த பெயர்ப்பு இப்படி வரும்: ‘உச்சீதெல் ஜிவே வ் ல்வோவி இ ப்ரத்சூயே வ் ஒதேசி ஸ் ஸ்தெபானொம்.’ இலக்கணப்படி வேற்றுமைகள் எல்லாம் சரி. ஆனால் ‘வ் ல்வோவி’யில் மூன்று மெய்கள் முட்டுகின்றன, அங்கே ‘உ’ வேண்டும். ‘ல்வோவி இ’ என்பதில் இரண்டு இகரம் அடுத்தடுத்து வருகிறது, அங்கே ‘ய்’. ‘ஒதேசி’க்கு முன் ‘வ்’ சரி, இருபுறமும் உயிர். ‘ஸ் ஸ்தெபானொம்’ நாவில் ஏறாது. ‘ஸி ஸ்தெபானொம்’ என்றால் ஏறும். ஸ்தெபானுக்குப் பதில் ஒலேனா வந்தால் மீண்டும் வெறும் ‘ஸ்’.

இந்தத் திருத்தத்தைக் கணினியில் ‘தேடி மாற்று’ கட்டளையிடம் ஒப்படைப்பது ஆபத்து. மாற்றம் சொல்லின் முதலெழுத்துக்கும் பொருந்தும். ஆசிரியர் என்பது ‘உச்சீதெல்’ என்றும் ‘வ்ச்சீதெல்’ என்றும் வரும். ஆனால் சில சொற்களில் அந்த எழுத்து பொருளைத் தாங்கி நிற்கிறது. ‘வ்ராஜென்னியா’ என்றால் மனப்பதிவு, ‘உராஜென்னியா’ என்றால் பாதிப்பு. கண்மூடி மாற்றினால் பயண அனுபவம் பயணச் சேதமாகிவிடும். ‘வ்ப்ராவா’ பயிற்சி, ‘உப்ராவா’ நிர்வாக அலுவலகம். நாட்டின் பெயரை ஷெவ்சென்கோ 1845இல் எழுதிய ‘சபோவித்’ கவிதையில் ‘வ்க்ராயினா’ என்று ஆக்கிக்கொண்டார். அந்த உரிமை கவிதைக்கு உண்டு. செய்திக்கும் ஒப்பந்தத்துக்கும் இல்லை.

மென்பொருள் மொழிபெயர்ப்பில் சிக்கல் இன்னும் கூடும், ஏனென்றால் பக்கத்துச் சொல் எது என்றே தெரியாது. கூட்டம் நடக்கும் ஊரைக் காட்டும் ஒரு வரி:

```
msgid "Meeting in %s"
msgstr "Зустріч у %s"
```

முன்சொல் மெய்யில் முடிவதால் ‘உ’ போட்டிருக்கிறார்கள். கீவுக்கும் ல்விவுக்கும் அது பொருந்தும். ஒதேசா வந்தால் ‘உ’-வும் ‘ஒ’-வும் முட்டும். தவிர, நிரல் ஊர்ப்பெயரை எழுவாய் வடிவில்தான் கொண்டுவந்து வைக்கும், வேற்றுமையும் கெடும். எண் வந்தால் எழுத்தைப் பார்க்காமல் அதன் உச்சரிப்பைப் பார்க்க வேண்டும்: 1 உயிரில் தொடங்கும், 8 வகரத்தில் தொடங்கும். அனுபவமுள்ளவர்கள் முன்னிடைச்சொல்லையே நீக்கிவிடுவார்கள்:

```
msgid "Meeting in %s"
msgstr "Місце зустрічі: %s"
```

‘கூட்டம் நடக்கும் இடம்:’ என்று முக்காற்புள்ளி வைத்தபின் எந்த ஊர் வந்தாலும் முட்டாது, வேற்றுமையும் கேட்காது. லேங்குவேஜ்டூல் போன்ற திருத்திகள் முழு வாக்கியத்தில் ‘உ’, ‘வ்’ பிழையைச் சுட்டிக்காட்டும். %s-க்குள் என்ன வரும் என்பது அவற்றுக்கும் தெரியாது.

வினையின் கடைசியில் வரும் ‘ஸ்யா’, ‘ஸ்’ மாற்றம் இந்த வாரம் வருவதாக இருந்தது. ஆணும் பெண்ணும் இடத்தை எடுத்துக்கொண்டதால் அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. இந்த வாரத்துக்கு முடிவு இதுதான்: உக்ரைனியத்தில் சரியான முன்னிடைச்சொல்லை அகராதி தராது. வாக்கியத்தில் வேறெந்தச் சொல்லை மாற்றினாலும், அதன் இரு பக்கத்தையும் ஒருமுறை வாய்விட்டு வாசித்த பிறகே அடுத்த வரிக்குப் போக வேண்டும்.