ஈசூனிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு எத்தனை கிலோமீட்டர்?

ஈசூனில் இருக்கும் உங்கள் வீட்டிலிருந்து அப்பாவுடன் லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்புகிறீர்கள். ஈசூன் எம்ஆர்டி நிலையம் வரை பேருந்து. அங்கிருந்து வடக்கு தெற்குப் பாதை ரயிலில் நியூட்டன். நியூட்டனில் டௌன்டவுன் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. மூன்று வாகனங்களில் ஏறினாலும், நேர வரம்புக்குள் மாறிக்கொண்டால் இதை ஒரே பயணமாகவே பயண அட்டை கணக்கிடும். 2010 ஜூலையில் தொடங்கிய ஏற்பாடு இது. வாகனங்களில் சென்ற தூரங்களைக் கூட்டி, மொத்தத்துக்கு ஒரே கட்டணம்.

இப்போது அந்தத் தூரத்தை நாமே கூட்டிப் பார்ப்போம். இங்குள்ள தூரங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. பேருந்து 1 கி.மீ. 85 மீ., முதல் ரயில் 14 கி.மீ. 640 மீ., இரண்டாவது ரயில் 1 கி.மீ. 390 மீ.

முதலில் மீட்டர்களைக் கூட்டுங்கள்: 85 + 640 + 390 = 1,115. ஆயிரம் மீட்டர் ஒரு கிலோமீட்டர் என்பதால் 115 மீட்டரை எழுதி, 1 கிலோமீட்டரை அடுத்த வரிசைக்குக் கொண்டுபோங்கள். அங்கே 1 + 14 + 1 = 16, அதனுடன் கொண்டுவந்த 1. ஆக 17 கி.மீ. 115 மீ.

தசமத்தில் போடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். 1 கி.மீ. 85 மீ. என்பதைப் பார்த்ததும் கை தானாக 1.85 என்று எழுதிவிடும். ஆனால் 1.85 கி.மீ. என்றால் 1 கி.மீ. 850 மீ.! மீட்டருக்கு எப்போதும் மூன்று இடங்கள் வேண்டும். 85 என்பது 085, ஆகவே 1.085. அந்தச் சுழியை விட்டால் விடை 17.88 கி.மீ. ஆகிவிடும். பேருந்து ஒன்றிலேயே 765 மீட்டர் கூடுதல்.

அதனால் என்ன என்கிறீர்களா? பெரியவர்களின் கட்டணம் ஏறத்தாழ கிலோமீட்டருக்கு ஒரு படியாக ஏறுகிறது. 16.3 முதல் 17.2 கி.மீ. வரை ஒரு படி, 17.3 முதல் 18.2 வரை அடுத்த படி. சரியான விடை முதல் படியிலும் தவறான விடை அடுத்த படியிலும் விழுகின்றன. உங்கள் மாணவர் அட்டைக்கு இது உறைக்காது. மாணவர் கட்டணம் 7.2 கி.மீ.க்குமேல் ஏறுவதில்லை. கணக்கு இடிப்பது அப்பாவின் அட்டையில்தான்.

விடையில் சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் மீட்டராக்கிக் கூட்டுங்கள்: 1,085 + 14,640 + 1,390 = 17,115. இந்த வழியில் தசமப்புள்ளியே இல்லை, சுழி தொலையவும் இடமில்லை.

ஒவ்வொரு தூரத்தையும் முதலிலேயே ஒரு தசம இடத்துக்குச் சுருக்கிவிட்டுக் கூட்டவும் வேண்டாம். ஒரு தூரத்தைச் சுருக்கினால் 50 மீட்டர் வரை பிசகலாம். மூன்றிலும் ஒரே பக்கமாகப் பிசகினால் 150 மீட்டர். நம் விடைக்கும் 17.2 என்ற எல்லைக்கும் இடையே இருப்பதோ 85 மீட்டர்தான்.