கூச்சல் பிறக்கும் இடம்

வகுப்பறைக் கூச்சலைப் பற்றிப் பேசும் உபாத்தியாயர்கள், அது ஐப்பசி மழையைப்போல் ஆகாயத்திலிருந்து பொழிகிற ஒரு சமாசாரம் என்ற பாவனையில் பேசுவது வழக்கம். "இன்று எட்டாம் வகுப்பில் ஒரே இரைச்சல்" என்பார்கள். அது எந்த நிமிஷத்தில் ஆரம்பமாயிற்று, அச்சமயம் பிள்ளைகளுக்குக் கையில் என்ன வேலை இருந்தது, உபாத்தியாயர் எந்தப் பக்கம் திரும்பியிருந்தார் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்காது. மழைக்காவது ஜாதகம் கணிக்கிறவர்கள் உண்டு. கூச்சலுக்கு அதுவும் இல்லை.

பல வருஷங்களாகச் சிறு குழந்தைகளுக்கு அரிச்சுவடி போதித்து வந்த நான், நாற்பது வயதைத் தாண்டிய பின்னர் பி.எட். பட்டத்துக்குப் படிக்கலானேன். அதன் பொருட்டுக் கீழவைப்பார்ப் பக்கத்திலுள்ள ஒரு பள்ளிக்கூடத்திற்குப் பயிற்சி ஆசிரியனாக அனுப்பப்பட்டேன். எட்டாம் வகுப்பு, 42 பிள்ளைகள், பாடம் கணக்கு. ஐந்து வயதுச் சத்தத்துக்கு என் காது நன்றாகப் பழகியதுதான். பதின்மூன்று வயதுச் சத்தம் முற்றிலும் வேறு ரகம் என்பதை நேயர்களில் பெற்றோராக உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வூர்ப் பிள்ளைகளின் குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். வைப்பாறு கடலோடு கலக்கும் இந்தக் கரையில், முத்துக் குளித்த தலைமுறையின் பேரப் பிள்ளைகள் படிக்கிறார்கள். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. ஆயினும் கடல் தொழில் நிற்கவில்லை. காற்றையும் அலையையும் மோட்டாரின் இரைச்சலையும் மீறிப் படகின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பேசுகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள், பக்கத்தில் இருப்பவனிடம் ரப்பர் கேட்டாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கிறது. அதை மரியாதைக் குறைவு என்று எண்ணுவது நியாயமன்று. அன்றியும் எங்கள் வகுப்பு ஒரு நீண்ட கூடத்தின் பாதி. மறு பாதியில் ஏழாம் வகுப்பு. நடுவே ஒரு மரத் தட்டி. பிற்பகலில் கடற்காற்று கிளம்பினால் ஜன்னல் கதவுகளும் தம் பங்கைச் செலுத்தத் தவறுவதில்லை.

முதல் நாளே அந்தத் தட்டி ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. ஏழாம் வகுப்பு ஆசிரியர் குரலை உயர்த்தினார். என் வகுப்புப் பிள்ளைகள், தாம் பேசுவது தமக்கே கேட்கவில்லை என்று குரலை உயர்த்தினார்கள். அவர்களுக்கு மேலே என் குரல் போயிற்று. உடனே தட்டிக்கு அப்பால் இன்னும் ஒரு ஸ்தாயி ஏறியது. இது யாருடைய குற்றமும் அல்ல. சுற்றிலும் ஓசை மிகும்போது மனிதன் தன்னையறியாமலே உரத்துப் பேசுகிறான் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1911-ல் எழுதி வெளியிட்டார். இன்றும் அதற்கு அவர் பெயரே வழங்குகிறது. ஆகவே சத்தம் போட்டுச் சத்தத்தை அடக்குவது என்பது, எதிராளி ஏற்ற ஏற்றத் தானும் ஏற்றுகிற ஏலம் போன்றது. கடைசியில் தொண்டைதான் நஷ்டப்படும். பள்ளிக்கூட மேஜையில் எனக்கு முன்பே ஒருவர் வைத்துவிட்டுப் போயிருந்த பனங்கற்கண்டுப் பொட்டலம் இதற்குச் சாட்சி.

கூச்சலைத் திட்டுவதை விட்டு, அதைக் கணக்கிடலாம் என்று தோன்றியது. பாட நேரம் 45 நிமிஷம். பேச்சை நிறுத்தாமல் மேலே போக முடியாது என்ற அளவுக்கு இரைச்சல் எழுந்த ஒவ்வொரு தடவையும் நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு. பக்கத்தில், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு ஒரு சொல். செவ்வாய்க்கிழமை மாலை எண்ணிப் பார்த்தபோது அன்றைய கோடுகள் 23. அவற்றில் 16, ஒரு காரியம் முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியில் விழுந்தவை. நோட்டுக் கொடுக்கும்போது, கரும்பலகையைத் துடைக்கும்போது, "அடுத்த கணக்குக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் தேடும்போது. கணக்கை விளக்கிய நேரத்திலும், பிள்ளைகள் உண்மையில் கணக்குப் போட்ட நேரத்திலும் விழுந்த கோடுகள் வெகு சொற்பம்.

இது எனக்கு மட்டும் கிட்டிய தரிசனம் அன்று. அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்ற மனோதத்துவ அறிஞர் வகுப்புகளைப் படமெடுத்து ஆராய்ந்து 1970-ல் ஒரு நூல் வெளியிட்டார். குறும்பு செய்த பிள்ளையை உபாத்தியாயர் அதட்டுகிறாரா, நயமாகச் சொல்லுகிறாரா, முறைக்கிறாரா என்பதை முதலில் ஆராய்ந்தார். வகுப்பு அமைதியாக இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே காணோம்! நல்ல வகுப்புக்கும் இரைச்சல் வகுப்புக்கும் உள்ள வித்தியாசம், குறும்பு நிகழ்ந்த பிறகு செய்வதில் இல்லை. அதற்கு முன் செய்வதில் இருந்தது. உபாத்தியாயருக்கு முதுகிலும் கண் உண்டு என்று பிள்ளைகள் நம்புவது ஒன்று. ஒரு வேலையிலிருந்து மறு வேலைக்குத் தடுமாற்றமின்றி வகுப்பை அழைத்துச் செல்வது மற்றொன்று. நாட்டியக் கச்சேரியில் ஒரு ஜதிக்கும் அடுத்ததற்கும் நடுவே நட்டுவனார் தாளத்தைத் தேடிக்கொண்டு நின்றால் சபையில் பேச்சுக் கிளம்புமல்லவா, அது போலத்தான்.

புதன்கிழமை முதல் அந்த இடைவெளிகளையே கவனித்தேன். நோட்டுக் கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக வந்து வாங்கிச் செல்வது அந்த வகுப்பின் நெடுநாளைய வழக்கம். 42 நோட்டுக்கு ஏறக்குறைய 7 நிமிஷம். அதில் ஒரு பிள்ளைக்கு வேலை பத்து விநாடி; பாக்கி நேரமெல்லாம் சும்மா இருக்க வேண்டும். பதின்மூன்று வயதில் சும்மா இருக்கும் சித்தி யாருக்கு உண்டு? முந்தைய மாலையே நோட்டுகளைப் பெஞ்சு வாரியாக அடுக்கி, ஓரத்துப் பிள்ளையிடம் ஒரு கட்டாகக் கொடுத்தேன். ஒரு நிமிஷத்துக்குள் காரியம் முடிந்தது. அவர்கள் உள்ளே நுழையும்போதே கரும்பலகையில் ஒரு கணக்கு காத்துக்கொண்டிருந்தது. நோட்டுக் கைக்கு வந்தவன் எழுத ஆரம்பித்துவிடலாம்.

"புஸ்தகத்தைத் திறங்கள்" என்று முதலில் சொல்லிவிட்டு, பக்கத்தின் எண்ணைப் பிறகு சொன்னால், "எந்தப் பக்கம் சார்?" என்று 42 குரல்கள் கேட்கும். அவை நியாயமான குரல்களே. எண்ணைப் பலகையில் எழுதிவிட்டுப் பிறகு திறக்கச் சொன்னால் அந்தக் குரல்களுக்கு அவசியம் இல்லை. பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டால், பெயருக்குரியவன் ஒருவனைத் தவிர மற்ற 41 பேருக்கும் விடுமுறை கிடைத்துவிடுகிறது. கேள்வியை முதலில் போட்டு, மூன்று நான்கு விநாடி பொறுத்து, அதன் பிறகு பெயரைச் சொன்னால், அந்தச் சில விநாடி எல்லாரும் மனத்துக்குள் கணக்குப் போடுகிறார்கள். பலகையில் எழுதும்போது பக்கவாட்டில் நின்று எழுதப் பழக வேண்டும். எழுத்து சற்றுக் கோணினாலும் பாதகமில்லை. வியாழக்கிழமை கோடுகள் 12.

ஆனால் எல்லா ஓசையும் ஒழிய வேண்டிய ஓசைதானா என்ற கேள்வி அப்போது எழுந்தது. நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிசப்தந்தான் குற்றம். பிள்ளைகள் உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் எழுதுவார்கள். சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். எந்த மூலையில் ஓசை அடங்கியதோ அங்கே வேலை நின்றுவிட்டது என்று அண்ணாவிக்குத் தெரியும். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக நடந்த பள்ளியை 1789-ல் ஏற்ற ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், ஒரு நாள் குதிரைமேல் செல்லும்போது இத்தகைய பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியில் அதைப் புகுத்த முயன்றார்; கீழிருந்த உபாத்தியாயர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனையே ஆசானாக்கிச் சின்னவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கச் செய்தார். சீமைக்குத் திரும்பி 1797-ல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நம் திண்ணையின் வழக்கம் 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவிற்று. அதே திண்ணையில் கோதண்டமும் பிரம்பும் இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவற்றை நாம் திரும்ப அழைக்கப் போவதில்லை. 2010 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியையும் மனத்தைப் புண்படுத்துவதையும் விலக்கியிருக்கிறது.

திண்ணை எனக்கு நினைவுக்கு வந்ததற்குக் காரணம் கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன். இடைவெளிகள் அடைபட்ட பிறகும் எஞ்சிய கோடுகளில் பாதி அவனுடையவை. பேனாவை உருட்டுவான், முன்னால் இருப்பவளின் பையை இழுப்பான், வெளியே போக அநுமதி கேட்பான். நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு விஷயம் விளங்கிற்று: வாயால் சொன்ன கணக்குகளின்போது அவன் பெயரில் ஒரு கோடுகூட இல்லை. எழுத்தில் கொடுத்த கணக்குகளின்போதுதான் அத்தனையும்.

வியாழக்கிழமை வேண்டுமென்றே வாயால் கேட்டேன். "ஒரு கூடை நண்டை 1,500 ரூபாய்க்கு எடுத்து 1,800 ரூபாய்க்குக் கொடுத்தால் லாபம் நூற்றுக்கு எவ்வளவு?" நான் பெயர் சொல்லுமுன்பே கடைசிப் பெஞ்சிலிருந்து, "இருபது, சார்!" என்று முழங்கிற்று. ஏலக் கரையில் வளர்ந்த பிள்ளை! வகுப்பு முடிந்தபின், அதே கணக்கை எண்களை மாற்றித் தாளில் எழுதித் தனியே கொடுத்தேன். வெகுநேரம் தாளைப் பார்த்தான். பிறகு, "கண்ணு வலிக்குது, சார்" என்றான். முதல் வார்த்தையைச் சேர்த்துப் படிக்க அவனுக்குத் தெரியவில்லை. எட்டு வருஷம் வகுப்பு வகுப்பாக ஏறி வந்திருக்கிறான். படிக்கத் தெரியாது என்பதை நாற்பது பேர் முன்னிலையில் மறைக்க அவனுக்கு அகப்பட்ட ஒரே போர்வை அந்தக் குறும்பு. அவனை முன் பெஞ்சுக்கு மாற்றுவதாலும், வாசலில் நிறுத்துவதாலும் ஆகப்போவது என்ன? வாசலில் நின்றால் படிக்க வேண்டியதில்லை. அவன் வேண்டுவதும் அதுவே.

வெள்ளிக்கிழமை அவன் பக்கத்தில், நிதானமாகப் படிக்கும் ஒரு பிள்ளையை உட்கார வைத்தேன். இருவருக்கும் ஒரே புஸ்தகம். "நீ வாசி, தம்பி; அவன் வழி சொல்லட்டும்; இருவரும் எழுதுங்கள்" என்றேன். முணுமுணுப்பு இடைவிடாமல் கேட்டது. அன்றைய கோடுகள் 9. முணுமுணுப்பை நான் அதில் சேர்க்கவில்லை. அவற்றில் நான்கு, கடைசி மணிக்கு முந்திய பத்து நிமிஷத்தில் விழுந்தவை. அதற்கு நான் இன்னும் வழி காணவில்லை, கடற்காற்றுக்கும் காணவில்லை. ஜன்னல் கதவுகளை மட்டும் கயிற்றால் கட்டியிருக்கிறேன்.

வகுப்பாசிரியரிடம் பையனைப் பற்றித் தனிமையில் சொன்னேன். திங்கட்கிழமை முதல் மாலையில் அரை மணி நேரம் அவனை என்னிடம் விடச் சம்மதித்தார். வீட்டிலிருந்து என் பழைய அரிச்சுவடி அட்டைகளை எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றில் அணிலும் ஆடும் இருக்கின்றன. பதின்மூன்று வயதுப் பையன் அவற்றைக் கண்டால் கோபித்துக் கொள்வான். ஆகையால் நண்டு, வலை, படகு, ஏலம் என்று புதிய அட்டைகள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.