வியர்வையிலும் மேக்கப் நிற்குமா?

சென்னையில் மே மாதக் கல்யாணம். முகூர்த்தம் முடிவதற்குள் மூக்கோரம் மேக்கப் திட்டுத்திட்டாகிவிடும். பிரைமரோ செட்டிங் ஸ்பிரேயோ வியர்வையை நிறுத்தாது. மேக்கப் கலைவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

ஸ்பிரே வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ‘அக்ரிலேட்ஸ் கோபாலிமர்’ என்றிருந்தால், அது காய்ந்ததும் மேக்கப் மேல் மெல்லிய படலமாகப் படியும். தண்ணீர், கிளிசரின், பன்னீர் மட்டும் என்றால் அது வெறும் பளபளப்புக்கானது. புழுக்கத்தில் பிசுபிசுக்கவும் செய்யும்.

எண்ணெய் வழியும் நெற்றி, மூக்கு, தாடைக்குப் பட்டாணி அளவு சிலிகான் பிரைமர் போதும். அது படிய இரண்டு நிமிடம் விட்டு, ஃபவுண்டேஷனை மெல்லிசாகப் போடுங்கள். ரப்பர் துகள் மாதிரி உருண்டு வந்தால், பிரைமர் அதிகமாகிவிட்டது அல்லது இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். வாங்கிய உடனே புறங்கையில் இரண்டையும் சேர்த்துத் தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக, கண்களை மூடி ஓரடி தூரத்தில் ஸ்பிரே அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே வெளியே கிளம்புங்கள். மண்டபத்தில் வியர்த்தால் துடைக்காதீர்கள். தேய்த்தால் படலம் கிழியும். டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள். ஈரம் போன பிறகே பவுடர். ஈரத்தின் மேல் போட்டால் திட்டுத்திட்டாகும்.