பெரியப்பாவுக்கு ஒரு மனு

பெங்களூரில் வேலை பார்க்கும் ஓர் இளைஞனுக்கு, மதுரையில் படித்த கல்லூரியிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும். உள்ளூரில் இருக்கும் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம்: “தயவுசெய்து என் சான்றிதழை வாங்கி அனுப்ப முடியுமா? உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் மட்டும். முன்கூட்டியே நன்றி.”

அலுவலகத்தில் தினமும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய மரியாதைதான். ஆனால் பெரியப்பா கேட்பார்: “என்னடா, மனு எழுதிப் போட்டிருக்க?”

அவர் சொல்வது சரி. ‘தயவு’ என்றால் இரக்கம், கருணை. ‘தயவுசெய்து’ என்பவர் கீழே நின்று மேலே பார்க்கிறார். அதனால்தான் விண்ணப்பத்திலும் அறிவிப்புப் பலகையிலும் அது பொருந்துகிறது. வீட்டுக்குள் அந்தச் சொல் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். “தயவுசெஞ்சு என்னைக் கொஞ்சம் தனியா விடு” என்று எரிச்சல் முற்றும்போதுதான். ஒட்டி உறவாடும் இடத்தில் அது விலகலின் அடையாளம். வேடிக்கை என்னவென்றால், “ப்ளீஸ்ண்ணா” என்று கெஞ்சினால் எந்த அண்ணனும் இளகுவான். “தயவுசெய்து அண்ணா” என்றால் என்ன ஆச்சு இவனுக்கு என்று பார்ப்பான். இரவல் சொல் கொஞ்சலுக்குப் பழகிவிட்டது. அகராதியில் அதற்கு நேரான தமிழ்ச்சொல் பழகவில்லை.

இரண்டாவது வாக்கியம் இன்னும் சுடும். ‘சிரமம் இல்லையென்றால் மட்டும்’ என்பது ஆங்கிலத்தில், மறுக்கும் உரிமையை எதிராளியிடம் கொடுக்கும் பெருந்தன்மை. தமிழ்க் காதுக்கு அது, ‘நீங்கள் செய்வீர்கள் என்று நான் உரிமையோடு நம்பவில்லை’ என்று கேட்கிறது.

பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு மொழியியலாளர்கள், ஆங்கிலம், மெக்சிகோவின் ஸெல்டால், கோவை மாவட்டத்துக் கிராமத் தமிழ் ஆகியவற்றை ஒப்பிட்டு மரியாதைப் பேச்சை ஆராய்ந்தார்கள். 1978இல் வெளிவந்த அந்த ஆய்வு மரியாதையை இரண்டாகப் பிரிக்கிறது. எதிராளியைத் தொந்தரவு செய்யாமல் ஒதுங்கி நிற்பது ஒன்று. ‘நீ நம்ம ஆள்’ என்று நெருங்கிக் காட்டுவது இன்னொன்று. அந்தக் கிராமத்திலேயே, சாதியில் தாழ்த்தப்பட்டவர்கள் மேலே இருந்தவர்களிடம் பேசும்போது ஒதுங்கும் மரியாதை வெளிப்பட்டது. ஆக, தமிழில் ஒதுங்கல் இல்லாமல் இல்லை. அதில் மேல்-கீழ் வாடை ஒட்டியிருக்கிறது. சொந்தக்காரரிடம் அதைக் கொண்டுபோனால்தான் சங்கடம்.

அப்படியானால் தமிழ் எப்படிக் குழைகிறது? தனிச்சொல்லைத் தேடாதீர்கள், வினையின் வாலைப் பாருங்கள். ‘வாங்கி அனுப்புங்க’ கட்டளை. ‘வாங்கி அனுப்புங்களேன்’ ஆசை. அந்த ஒற்றை ‘ஏன்’ கட்டளையின் முனையை மழுக்கிவிடுகிறது. ‘கொஞ்சம்’ என்று தொடங்கினால் வேலையே சிறுத்துவிடும். ‘ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்’ என்றால் அரை நாள் அலைச்சல் ஒரே அடியாகச் சுருங்கும். இலங்கைத் தமிழர் ‘ஒருக்கா பாருங்கோ’ என்பதும் இதே வேலையைச் செய்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் முறை சொல்லிக் கூப்பிட்டால் பாதி வேண்டுகோள் அங்கேயே முடிந்துவிடும்.

மிச்சம் இருப்பது ‘முன்கூட்டியே நன்றி’. ‘செய்ந்நன்றி’ என்னும்போது நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. அதை மறக்காமல் இருப்பதுதான் ‘அறிதல்’. மறக்காமல் இருக்கக் காலம் வேண்டும். வேலை நடக்கும் முன்பே நன்றி சொல்வது கடையில் சில்லறையை எண்ணி வைத்துவிட்டு நகர்வதுபோல, கணக்கைத் தீர்த்துவிடுகிறது. தென்னிந்தியாவில் நன்றியுணர்வு எப்படி வெளிப்படுகிறது என்பதைப் பற்றி மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1985இல் ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். வாய்ச்சொல்லைவிடச் செயலிலும் கைம்மாற்றிலும் அது வாழ்வதை அதில் பேசுகிறார்.

முன்பின் தெரியாத அதிகாரிக்கு எழுதும்போது ‘தயவுசெய்து’ எழுதத்தான் வேண்டும். கடைக்காரரிடம் ‘தேங்க்ஸ்’ சொல்வது இன்று இயல்பு. குளிர்வது உறவுக்குள் மட்டும்தான். சந்தேகம் வந்தால், எழுதியதை அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். நாக்கு கூசினால் மாற்றிவிடலாம்.

அந்த இளைஞன் மாற்றி எழுதுகிறான்: “பெரியப்பா, காலேஜ் பக்கம் ஒரு எட்டு போய் என் சர்ட்டிபிகேட்டை வாங்கிக் குடுங்களேன். ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும், அவசரப்பட வேண்டாம்.” சான்றிதழ் கைக்கு வந்ததும் அவன் நன்றி எழுதவில்லை. “வெயில்ல ரொம்ப அலைய விட்டுட்டாங்களா பெரியப்பா?” என்று கேட்டான். பெரியப்பா அதற்கு அரை மணி நேரம் பதில் சொன்னார்.