கொலஸ்டிரால் செல்லுக்குள் போகும் வழி

மேல்நிலை முதலாமாண்டு விலங்கியலில் எண்டோசைட்டோசிஸ், எக்சோசைட்டோசிஸ் இரண்டும் அடுத்தடுத்து இரு வரையறைகளாக நின்றுவிடுகின்றன. மாணவர்கள் எழுதியும் விடுகிறார்கள். ஆனால் ‘ஏற்பி’ என்ற சொல் அங்கே எதற்கு என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அதனால் நான் இப்பகுதியைக் கொலஸ்டிராலின் பயணமாகவே நடத்துகிறேன். ஒரே பொருள் ஒரு செல்லிலிருந்து வெளியேறி மற்றொரு செல்லுக்குள் நுழைவதால் இரண்டு நிகழ்வுகளும் ஒரே கதையில் வந்துவிடுகின்றன.

கொலஸ்டிரால் நீரில் கரையாது. எனவே கல்லீரல் செல் அதைக் கொழுப்போடும் புரதத்தோடும் சேர்த்துத் துகளாகக் கட்டுகிறது. எண்டோபிளாச வலையில் தொடங்கும் இவ்வேலை கோல்கையில் முடிகிறது. துகள்களைச் சுமந்த வெசிக்கிள் பிளாஸ்மா சவ்வை அடைந்து அதனுடன் இணைய, துகள்கள் இரத்தத்தில் விடப்படுகின்றன. இது எக்சோசைட்டோசிஸ். அங்கே கொழுப்பைப் படிப்படியாக இழந்து சுருங்கும் துகளே எல்டிஎல். அதன் விட்டம் ஏறத்தாழ 22 நானோமீட்டர். உள்ளே சுமார் 1,500 கொலஸ்டிரால் எஸ்டர் மூலக்கூறுகள். மேலே ஒரே ஒரு பெரிய புரதம். இந்தப் புரதம்தான் முகவரிச் சீட்டு.

அச்சீட்டைப் படிப்பது செல் பரப்பிலுள்ள எல்டிஎல் ஏற்பி. ஏற்பியின் வெளிப்பகுதி துகளைப் பிடிக்கிறது. சைட்டோபிளாசத்தினுள் நீளும் சிறிய வால், கிளாத்ரின் புரதம் உட்புறம் பூசிய குழிகளில் ஏற்பியைச் சேர்க்கிறது. இக்குழிகள் செல் பரப்பில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் பெரும்பாலான ஏற்பிகள் அங்கேதான் கூடியிருக்கும். குழி ஆழமாகி, கழுத்து அறுபட்டு வெசிக்கிளாகிறது. கிளாத்ரின் உறை கழன்றதும் வெசிக்கிள் எண்டோசோமுடன் சேர்கிறது. அங்குள்ள அமிலத்தன்மையில் ஏற்பி தன் பிடியை விடுகிறது. துகள் லைசோசோமுக்குப் போய்ச் சிதைந்து கொலஸ்டிராலைத் தருகிறது. ஏற்பியோ வெறும் வண்டியாகப் பரப்புக்குத் திரும்புகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம்.

இதைக் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவின் டாலஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன். 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் ஆராய்ந்தது ஒரு மரபு நோயை. குறைபாடுள்ள ஜீனைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெறும் குழந்தைகளுக்கு, இரத்தத்தில் எல்டிஎல் பல மடங்கு உயர்ந்து, சிறு வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும்.

அவர்களது சோதனையைக் கரும்பலகையில் அப்படியே செய்து காட்டலாம். தோல் செல்களுக்குக் கதிரியக்க அயோடின் ஏற்றிய எல்டிஎல் தரப்படுகிறது. 4 டிகிரி குளிரில் துகள் பரப்பில் ஒட்டும், உள்ளே போகாது. 37 டிகிரிக்குச் சூடாக்கினால் சில நிமிடங்களில் உள்ளே போய்விடும். ஆக, ஒட்டுவதும் நுழைவதும் தனித்தனிப் படிகள். நோயாளிகள் பலரின் செல்களில் துகள் ஒட்டவேயில்லை, அல்லது மிகக் குறைவாக ஒட்டியது. ஒரு நோயாளியின் செல்களிலோ துகள் நன்றாக ஒட்டியது. சூடாக்கியும் உள்ளே போகவில்லை. இந்த இடத்தில் நிறுத்தி, ‘பழுது எங்கே?’ என்று கேட்பேன். வெளிப்பகுதி சரியாக இருக்கிறது, எனவே பழுது வாலில் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். உண்மையும் அதுவே. வாலில் டைரோசின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் சிஸ்டைன் இருந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் ஏற்பிகள் குழிகளில் சேராமல் பரப்பெங்கும் சிதறிக் கிடந்தன.

செல்லுக்குப் போதிய கொலஸ்டிரால் கிடைத்ததும் அது ஏற்பி உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. ஸ்டாட்டின் மாத்திரை இதை எதிர்த்திசையில் பயன்படுத்துகிறது. கல்லீரல் செல்லின் சொந்தக் கொலஸ்டிரால் உற்பத்தியை அது தடுக்கவே, செல் கூடுதல் ஏற்பிகளை உருவாக்கி இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. வேலை செய்யும் ஏற்பியே இல்லாத குழந்தைக்கு இம்மருந்து அதிகம் உதவாததன் காரணமும் இதுதான்.

எக்சோசைட்டோசிஸில் ஒரு வேறுபாட்டை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். கல்லீரல் செல் துகள்களைத் தொடர்ந்து வெளியிடுகிறது. கணையத்தின் பீட்டா செல் அப்படியல்ல. இன்சுலின் வெசிக்கிள்கள் சவ்வின் அருகே காத்திருக்கும். குளுக்கோஸ் உயர்ந்து, கால்சியம் அயனிகள் செல்லுக்குள் நுழைந்த பிறகே அவை சவ்வுடன் இணையும். உள்ளே நுழைவதற்கு ஏற்பி போல, இங்கே கால்சியம்தான் அனுமதி.

ஒவ்வொரு வெசிக்கிளும் இணையும்போது அதன் சவ்வு செல்லின் சவ்வோடு சேர்கிறதே, செல் ஏன் பெருத்துக்கொண்டே போவதில்லை? வீட்டு வேலையாக நான் தருவது இந்தக் கேள்விதான். எண்டோசைட்டோசிஸ் அதே அளவு சவ்வை உள்ளே எடுத்துக்கொள்கிறது என்ற விடையோடு மறுநாள் சிலராவது வருகிறார்கள்.