பின்னக் கோடும் ஓர் அடைப்புக்குறிதான்

படிவம் ஒன்றில் பயிலும் என் சித்தி மகள், தன் பயிற்சிப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தாள். "அண்ணா, எனக்கு 17 வருது. பாடநூல்ல 13-ன்னு இருக்கு. பாடநூல் தப்பா?" என்று கேட்டிருந்தாள். பின்னத்தைத் தமிழ்ப்பள்ளியில் தமிழில் கற்றவள், இயற்கணிதத்தை இப்போது மலாயில் கற்கிறாள். நானும் அவ்வழியே வந்தவன் என்பதால், விளக்கத்தைத் தமிழிலேயே எழுதினேன். அவளைப் போன்ற பிற மாணவர்களுக்கும் அது உதவலாம்.

முதலில் கணக்கைச் சரியாகப் படிக்க வேண்டும். படத்தில் இரண்டாம் பின்னத்தின் கோடு குட்டையாக, 1-இன் கீழ் மட்டும் இருப்பதுபோல் தெரிந்தது. அப்படியானால் 3 ஆல் வகுபடுவது 1 மட்டுமே, கணக்கே மாறிவிடும். பாடநூலைப் பார்க்கச் சொன்னேன். கோடு x − 1 முழுவதன் கீழும் இருந்தது. ஆக, கணக்கு இதுதான்:

(x + 3)/2 − (x − 1)/3 = 4

அடுத்து, பின்னங்களை நீக்குவோம். பகுதி எண்கள், அதாவது மலாயில் 'பெஞெபுட்', 2 உம் 3 உம் ஆகும். இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 6. சமன்பாடு ஒரு தராசு போன்றது. ஆகவே, வலப்பக்கத்து 4-ஐயும் சேர்த்து எல்லாவற்றையும் 6 ஆல் பெருக்க வேண்டும்.

3(x + 3) − 2(x − 1) = 24

இங்கே அடைப்புக்குறி எங்கிருந்து வந்தது? பின்னக் கோடுதான் அதுவரை x − 1 என்பதை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது. கோடு நீங்கியதும் அந்த வேலையை அடைப்புக்குறி ஏற்கிறது. தங்கை இவ்வரியை எழுதாமல் நேரே அடுத்த வரிக்குத் தாவி, 3x + 9 − 2x − 2 = 24 என்று எழுதியிருந்தாள். அதனால்தான் 17 வந்தது.

கழித்தல் குறி அடைப்புக்குள் உள்ள இரண்டு உறுப்புகளையும் மாற்றும். எண்களில் பாருங்கள்: 20 − (5 − 1) என்பது 20 − 4, அதாவது 16. 20 − 5 − 1 என்றால் 14 தான் வரும். 20 − 5 + 1 என்றால்தான் 16 வரும். அதுபோலவே, −2 ஐ −1 ஆல் பெருக்கினால் +2.

3x + 9 − 2x + 2 = 24
x + 11 = 24
x = 13

இனி விடையைச் சரிபார்ப்போம். 13 ஐ இட்டால் 16/2 − 12/3 = 8 − 4 = 4. சரி. 17 ஐ இட்டால் 20/2 − 16/3. இது நாலேமுக்காலுக்குச் சற்றுக் குறைவு, 4 அன்று.

சரிபார்க்கும்போது விடையை முதல் வரியில்தான் இட வேண்டும். தங்கையின் தவறான வரியில் 17 ஐ இட்டுப் பாருங்கள்: 51 + 9 − 34 − 2 = 24. அந்த வரி 17 ஐயும் சரியென்றே சொல்லும்.