மின்னஞ்சல் முந்தி, தபால் பிந்தி: நோட்டீஸ் கெடு எந்த நாளில் தொடங்கும்?

செக் பணமில்லாமல் திரும்பினால், வக்கீல் நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட வேண்டும். தவறினால் 138 வழக்கு. மதுரை கே.கே. நகர் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இந்த வழக்குகள் வருகின்றன. இப்போது பலர் ஒரே நோட்டீஸை மின்னஞ்சலிலும் தபாலிலும் அனுப்புகிறார்கள். இரண்டும் வெவ்வேறு நாளில் வந்து சேர்ந்தால் எதிலிருந்து எண்ணுவது?

மின்னஞ்சல் பரவாத காலத்திலேயே உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது. சில் இம்போர்ட் யு.எஸ்.ஏ. நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், பெங்களூர்ப் பட்டு ஏற்றுமதி நிறுவனம் 1996 ஜூன் 11 அன்று ஃபேக்ஸில் நோட்டீஸ் அனுப்பியது. மறுநாள் அதையே பதிவுத் தபாலிலும் போட்டது. தபால் போய்ச் சேர்ந்தது ஜூன் 25. வழக்குத் தொடுத்தது ஆகஸ்ட் 8. தபால் தேதியை வைத்தால் ஆகஸ்ட் 11 வரை அவகாசம் இருந்தது. ஆனால் ஃபேக்ஸ் வந்த நாளே கணக்கு என்று 1999-இல் தீர்ப்பானது; வழக்கு காலம் கடந்ததாகித் தள்ளுபடியானது. நோட்டீஸ் தாளில்தான் வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பதே நீதிமன்றத்தின் வாதம். 2024-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் மின்னஞ்சல் நோட்டீஸும் செல்லும் என்றது.

கே.கே. நகர்க் கடைக்காரர் ஒருவருக்கு ஜூன் 3 அன்று மின்னஞ்சலும், ஜூன் 8 அன்று தபாலும் வந்ததாக வைத்துக்கொள்வோம். வந்த நாளைத் தள்ளிவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். மின்னஞ்சல்படி கெடு ஜூன் 18, தபால்படி ஜூன் 23. பணம் கட்ட வேண்டியவர் 18-ஐயே கடைசி நாளாகக் கொள்வதுதான் பத்திரம்.

நோட்டீஸ் விட்டவருக்கோ இரண்டு பக்கமும் ஆபத்து. தபால் கணக்குதான் சரி என்று தீர்ந்தால், ஜூன் 20 அன்று போட்ட வழக்கு முன்கூட்டிப் போட்டதாகிச் செல்லாமல் போகும். மின்னஞ்சல் கணக்கு என்றால் ஜூன் 19-இலிருந்து ஒரு மாதம்தான். ஆகவே ஜூன் 24-க்கு மேல், ஜூலை 19-க்குள் தாக்கல் செய்தால் எந்தக் கணக்கிலும் நிற்கும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் 2002 திருத்தத்துக்குப் பிறகு நீதிமன்றத்துக்கு உண்டு. அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

எந்த முகவரிக்குப் போனது என்பதும் முக்கியம். இதற்கென்று கடைக்காரர் கொடுத்திருந்த முகவரி என்றால், மின்னஞ்சல் அதில் நுழைந்த நேரமே கிடைத்த நேரம் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. அவர் திறந்து பார்த்தாரா என்ற கேள்வி எழாது. ஒரு முகவரியைக் குறித்துக் கொடுத்திருக்க, அவருடைய வேறொரு முகவரிக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்த்த நேரம்தான் கணக்கு. அதை நிரூபிப்பது கடினம். அப்போது தபால் தேதியே கைகொடுக்கும்.

இன்னொன்று: வக்கீலை வைத்து அனுப்பும் பதில் நோட்டீஸ் அந்த 15 நாளை நிறுத்தாது. சட்டம் அந்த நாட்களைக் கொடுப்பது பணத்தைக் கட்டுவதற்கு.